இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்க: வோல்டேஜா, ஹெர்ட்ஸா, இரண்டுமா?

400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 போல், 4 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும். முழுச் சுமையில் ரோட்டார் 60 சுற்று பின்தங்கி 1440-இல் ஓடும். அந்த 60 தான் ஸ்லிப். இப்போது நமக்கு வேண்டியது 720 சுற்று.

முதல் வழி, வோல்டேஜை மட்டும் குறைப்பது. 200 வோல்ட் கொடுத்தாலும் காந்தப்புலம் அதே 1500-இல்தான் சுழல்கிறது. முறுக்குவிசையான டார்க் மட்டும் வோல்டேஜின் வர்க்கத்தில் சரிந்து கால் பங்காகிவிடுகிறது. மோட்டாரின் உச்ச டார்க் முழுச்சுமை டார்க்கைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்தால், இப்போது அது 0.6 மடங்குதான். முழுச் சுமையோடு ஓடும் கன்வேயர் வேகம் குறையாது, நின்றே போகும். மின்விசிறி போன்ற சுமை என்றால் வேகம் இறங்கும், ஆனால் ரோட்டார் சுடும். 720 சுற்றில் ஸ்லிப் 780, அதாவது 1500-இல் 52 சதவீதம். ரோட்டாருக்குள் போகும் திறனில் பாதிக்கு மேல் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. சின்ன விசிறிகளுக்கு இது போதும். 4 கிலோவாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, ஹெர்ட்ஸை மட்டும் 25 ஆக்கினால்? வேகம் நாம் கேட்டபடி இறங்கும். ஆனால் இதுதான் மூன்றிலும் மோசம். சுருளுக்குக் கொடுக்கும் வோல்டேஜை ஏறத்தாழ முழுவதும் எதிர்த்து நிற்பது, சுழலும் காந்தப்பாயம் அதில் தூண்டும் வோல்டேஜ். அது பாயத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்குச் சமவிகிதம். ஆக, பாயம் V/f-ஐப் பொறுத்தது. இந்த மோட்டாருக்கு அது 400/50, அதாவது ஹெர்ட்ஸுக்கு 8 வோல்ட். 25 ஹெர்ட்ஸில் 400 வோல்ட் என்றால் ஹெர்ட்ஸுக்கு 16. மோட்டாரின் இரும்போ 8-லேயே பாயத்தால் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. இரட்டிப்புப் பாயம் கேட்டால் காந்தமாக்கும் கரண்ட் பல மடங்கு எகிறும். சுமையே இல்லாமல் மோட்டார் உறுமும். டிரிப் ஆகாவிட்டால் சுருள் கருகும்.

மூன்றாவது, மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸையும் வோல்டேஜையும் மாற்றும் டிரைவான வி.எஃப்.டி. செய்வது: இரண்டையும் சேர்த்துக் குறைத்து 8 என்ற விகிதத்தைக் காப்பது. பாயம் மாறாததால் அதே கரண்டுக்கு அதே டார்க். முழுச்சுமை ஸ்லிப்பும் அதே 60 சுற்று. அதனால் 720 வேண்டுமென்றால் புலம் 780-இல் சுழல வேண்டும். அதற்கு 26 ஹெர்ட்ஸ், 208 வோல்ட். சரியாக 25 வைத்தால் 690-தான் கிடைக்கும். டிரைவின் திரையில் காட்டும் ஹெர்ட்ஸை அப்படியே வேகமாக மாற்றிப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் கீழ் வேகத்தில் இந்த விகிதமே காலை வாரும். ஒரு ஃபேஸுக்கு ஸ்டேட்டார் சுருளின் மின்தடை 1.5 ஓம், கரண்ட் 8 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் கம்பியிலேயே போகிறது. 50 ஹெர்ட்ஸில் ஃபேஸ் வோல்டேஜ் 231. அதில் 12 போனால் தெரியாது. 5 ஹெர்ட்ஸில் ஃபேஸுக்குக் கிடைப்பதே 23 வோல்ட், அதில் 12 போனால் பாயம் உண்டாக்க மிச்சம் பாதிதான். அதற்காகத்தான் பூஸ்ட். அடியில் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டிக் கொடுப்பது. சுமையோடு கிளம்ப மறுத்தால் பூஸ்ட் போதவில்லை என்று பலர் அதை ஏற்றிக்கொண்டே போவார்கள். அளவு மீறியதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: சுமையைக் கழற்றிவிட்டு 5 ஹெர்ட்ஸில் ஓட்டிக் கரண்டைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸின் வெறும் ஓட்டக் கரண்டைவிட வெகுவாகக் கூடுதலென்றால் இரும்பு நிறைந்துவிட்டது, குறையுங்கள். அந்த வேகத்தில் மோட்டாரின் தண்டில் இருக்கும் விசிறியும் காற்று தள்ளாது என்பதால் சூடு சீக்கிரம் ஏறும்.

டிரைவில் இன்னொரு தேர்வும் இருக்கும்: ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்டேஜ் இறங்குவது நேர்கோட்டிலா, வர்க்க வளைவிலா? வளைவில் 25 ஹெர்ட்ஸுக்கு 100 வோல்ட்தான். பாயம் பாதி, உச்ச டார்க் கால் பங்கு. மையவிலக்கு பம்புக்கும் விசிறிக்கும் பாதி வேகத்தில் தேவையே கால் பங்கு டார்க் என்பதால் இதில் மின்சாரம் மிச்சம். கன்வேயருக்கு வைத்தால் முதல் வழியின் கதைதான்.

50-க்கு மேலே போனால் வோல்டேஜ் 400-இலேயே நின்றுவிடும், விகிதம் குறையும், 70 ஹெர்ட்ஸில் உச்ச டார்க் ஏறத்தாழ பாதியாகும்.

2, 3 ஹெர்ட்ஸில் முழுச் சுமையைத் தூக்க வேண்டுமென்றால் பூஸ்டோடு மல்லுக்கட்டாமல் வெக்டர் முறைக்குப் போய்விடலாம். அது கரண்டை அளந்து ஸ்டேட்டார் இழப்பை நொடிக்கு நொடி ஈடுகட்டும். அதற்கு மோட்டாரின் மின்தடை முதலியவற்றை ஆட்டோ டியூனில் டிரைவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரே டிரைவில் நான்கைந்து மோட்டார் இணைத்திருந்தால் அது முடியாது. அங்கே V/f தான்.