வார்டின் கதவைச் சாத்துவதா, கைகளைக் கூட்டுவதா: நோயாளியின் சாப்பாட்டு நேரத்தைக் காக்க இரண்டு வழிகள்

சாப்பாட்டு நேரத்தில் வார்டில் வேறு வேலை எதுவும் நடக்கக் கூடாது என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பரவியது. டாக்டர் ரவுண்ட்ஸ், ரத்தம் எடுப்பது, அவசரமில்லாத ஸ்கேன், படுக்கை மாற்றுவது என எல்லாம் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்படும். இதை 'கதவு சாத்தும் வழி' என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வழி, கதவைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் யாருக்கு உதவி தேவை என்பதை முதலில் பிரித்து, அவர்கள் பக்கத்தில் ஆளை நிறுத்துவது. உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்பு ட்ரேயில் சாப்பாடு தருவது இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆட்களும் கவனமும் குறைவாக இருக்கும்போது ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும்.

ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்வோம். 24 படுக்கைகள். இன்று இரண்டு பேர் வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர்கள், ஒருவர் டயாலிசிஸுக்குப் போயிருக்கிறார். மீதி 21 பேர் சாப்பிட வேண்டும். அதில் 11 பேர் தாமாகவே சாப்பிடுவார்கள். நான்கு பேருக்கு நிமிர்த்தி உட்காரவைத்து மூடியைத் திறந்து கொடுத்தால் போதும். ஆறு பேருக்கு முழுதாக ஊட்டிவிட வேண்டும். ட்ரேக்கள் பகல் 12.30-க்கு வரத் தொடங்கி 12.45-க்குள் எல்லாப் படுக்கைக்கும் போய்விடுகின்றன. ஊட்டிவிட மூன்று பேர் இருக்கிறார்கள்; நான்காமவர் மருந்துக்கும் அழைப்பு மணிக்கும். இன்னும் இரண்டு பேர் அதே நேரத்தில் தங்கள் சாப்பாட்டு இடைவேளையில்.

ஒருவருக்கு ஒழுங்காக ஊட்ட ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். விழுங்கச் சிரமப்படுபவரிடம் இதைக் குறைக்கக் கூடாது; அவசரப்படுத்தினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். முதல் மூன்று பேருக்கு 12.50-க்கு ஊட்டத் தொடங்கினால் முடிய 1.15 ஆகும். அடுத்த மூன்று பேரின் ட்ரே அதுவரை அரை மணி நேரம் கண்முன்னே ஆறிக்கொண்டிருக்கும்.

இப்போது கதவைச் சாத்துங்கள். என்ன மாறுகிறது? யாரும் குறுக்கே வந்து அந்த மூன்று பேரையும் இழுக்க மாட்டார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டாவது மூன்று பேரின் காத்திருப்பு ஒரு நிமிடம்கூடக் குறையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. உறவினர்களையும் பார்வையாளர் கணக்கில் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டால், தினமும் வந்து ஊட்டிக்கொண்டிருந்த மகளோ கணவரோ வாசலில் நிற்பார், நர்ஸ் உள்ளே தவிப்பார். ஆஸ்திரேலியாவில் வார்டு வார்டாக இந்த முறையைப் புகுத்தி நடத்திய சோதனையில் நோயாளிகள் உட்கொண்ட கலோரியும் புரதமும் குறிப்பிடும்படி உயரவில்லை. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அது எனக்கு வியப்பாக இல்லை.

இரண்டாவது வழியில் இடைவேளையில் இருக்கும் இரண்டு பேரின் நேரத்தை 1.30-க்குத் தள்ளுகிறோம், ஒரு உறவினரை உள்ளே விடுகிறோம். ஊட்டுபவர்கள் ஆறு பேர், நோயாளிகள் ஆறு பேர். காத்திருப்பு இல்லை. ஆள் கிடைக்காத நாளில் என்ன செய்வது? பின்னால் சாப்பிடப்போகும் மூன்று பேரின் ட்ரேயைச் சூடான வண்டியிலேயே வைத்து 1.15-க்கு எடுக்கலாம். இதற்குச் சமையலறையின் சம்மதம் வேண்டும், வண்டி வார்டில் நிற்கவும் வேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை: அந்த மூவரில் யாருக்காவது சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் இருந்தால், 12.30 மணி வழக்கப்படி ஊசி போட்டுவிடாதீர்கள். ட்ரே வருவதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். யாருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பது ஊசி போடும் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் அப்படிப்பட்டவரை முதல் சுற்றில் வையுங்கள்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு உதவி என்ற பட்டியல் ஒவ்வொரு ஷிப்டிலும் புதுப்பிக்கப்பட வேண்டும். நேற்று தானே சாப்பிட்டவர் இன்று காய்ச்சலில் கையைத் தூக்க முடியாமல் இருப்பார். பட்டியல் பழசானால் சிவப்பு ட்ரே வெறும் நிறம்தான்.

சரி, எந்த வழியை எடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலான வார்டுகள் உணவுக் குறிப்புத் தாளைத்தான் தணிக்கைக்கு எடுக்கின்றன, ஏனென்றால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. நான் அதைக் கடைசியில்தான் நம்புவேன். சமையலறை ஆட்கள் ட்ரேயை எடுத்துப் போன பிறகு, ஷிப்ட் முடியும் வேளையில் நினைவிலிருந்து எழுதப்படுவது அது. வரிசையாக எல்லோருக்கும் 'பாதி சாப்பிட்டார்' என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

திரும்பிப் போகும் ட்ரேக்களை வண்டியருகே நின்று பார்ப்பது நேர்மையான முறை. முழுதும், முக்கால், பாதி, கால், தொடவே இல்லை என்று ஐந்தே அளவு. கால் பங்குக்கு மேல் சாப்பிடாதவருக்கு மாற்று உணவும் கிடைக்காவிட்டால் அதைத் தவறிய சாப்பாடு என்று எண்ணலாம். நம் வார்டில் அப்படி ஐந்து பேர் கிடைக்கிறார்கள் என்று வையுங்கள். ஆனால் ட்ரே காரணம் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தோடு பார்க்க வேண்டும்: ட்ரே வைத்த நேரம், முதல் வாய் சாப்பிட்ட நேரம், நடுவில் வந்த தொந்தரவு. பார்த்தால் ஐந்துக்கும் காரணம் ஒன்றல்ல, நான்கு என்று தெரியலாம். இருவர் இரண்டாவது சுற்றில் காத்து, ஆறிப்போனதும் வேண்டாம் என்றவர்கள். ஒருவர் ஸ்கேனுக்குப் போயிருந்தார். ஒருவருக்கு மசித்துத் தர வேண்டியது கெட்டியாக வந்தது. ஒருவருக்கு உண்மையிலேயே குமட்டல். கதவைச் சாத்தினால் தீர்வது இதில் ஸ்கேன் மட்டும். வெறும் வயிற்றில் இருந்த இருவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அவர்கள் எத்தனை மணி நேரமாகப் பட்டினி என்று தனியே குறியுங்கள்.

நேரடியாகப் பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. யாரோ குறிப்பேட்டோடு நிற்கிறார்கள் என்றாலே அன்று எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். அதனால் என் தேர்வு இப்படி: ட்ரே பார்ப்பதைத் தினமும் ஒரு வேளைக்கு வையுங்கள், அது எளிது. கடிகாரத்தோடு நிற்பதை வாரம் ஒரு வேளைக்கு, உதவி தேவைப்படும் ஆறு பேரிடம் மட்டும் வையுங்கள். குறிப்புத் தாள் எடை குறைந்துகொண்டிருக்கும் நோயாளிகளுக்கு மட்டும் போதும். அதையும் ட்ரே நகரும் முன் எழுத வேண்டும்.

அறிக்கையில் சராசரியைப் போடாதீர்கள். நம் வார்டில் 11 பேருக்குக் காத்திருப்பே இல்லை, நான்கு பேருக்கு 3 நிமிடம், மூவருக்கு 5, மூவருக்கு 30. சராசரி 6 நிமிடத்துக்கும் குறைவு. பார்க்க மிக அழகாக இருக்கும். 10 நிமிடத்துக்கு மேல் காத்தவர்கள் எத்தனை பேர், அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். இங்கே மூன்று பேர், 30 நிமிடம்.

அப்புறம், வார நாள் மதியத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தணிக்கை செய்பவர்கள் வேலைக்கு இருக்கும் நேரம் அதுதான் என்பதால் எங்கும் அதுவே எடுக்கப்படுகிறது. ஆட்கள் குறைவதும் ஷிப்ட் மாற்றத்தோடு சாப்பாடு மோதுவதும் இரவு வேளையில்தான், அதிலும் ஞாயிற்றுக்கிழமை இரவில். முதல் மாதத்தில் பார்க்கும் நான்கு வேளைகளில் ஒன்றையாவது அங்கே போடுங்கள்.