போன் போட்டோவை விற்றுத் தருவதாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் நம்ம தமிழ் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில், உங்கள் போன் போட்டோக்களை, விளம்பரம், கட்டுரை தயாரிப்பவர்களுக்குப் படம் விற்கும் ஸ்டாக் தளங்களில் விற்றுத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. என்னிடம் பதிவுக் கட்டணம் என்று 2,999 ரூபாய் வாங்கினார்கள். படங்களை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொன்னார்கள். கப்பன் பார்க் பூக்கள், அல்சூர் ஏரியில் சூரிய அஸ்தமனம் எல்லாம் அனுப்பினேன். சில நாளில் ஒரு லிங்க் வந்தது, அதில் என் கணக்கில் 140 டாலர் சேர்ந்திருப்பதாகக் காட்டியது. அதை எடுக்க 30 சதவீத வரியை முதலில் கட்டு என்றார்கள். மறுத்ததும் பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்தப் படங்கள் எங்கேயும் ஏறியிருக்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல், அதாவது 2 மெகாபிக்சல் அளவுக்கு வந்துவிடும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டுமே குறைந்தது 4 மெகாபிக்சல் கேட்கின்றன. இரண்டிலும் கணக்குத் தொடங்கக் கட்டணமே கிடையாது. வரிக்கு ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள், பிடிப்பது ஏதாவது இருந்தால் வருமானத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள், நம் கையிலிருந்து கேட்க மாட்டார்கள்.

வருமானமும் அவர்கள் காட்டியது போல் இருக்காது. ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட்கூட வரலாம், புதியவருக்குப் பங்கு 15 சதவீதம்தான். அடோபியில் 33 சதவீதம், ஆனால் 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும்.

அப்புறம் நானே கணக்குத் தொடங்கிப் பார்த்தபோதுதான் வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பது புரிந்தது. பூவும் அஸ்தமனமும் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. வாங்குபவர் விளம்பரமோ கட்டுரையோ தயாரிப்பவர், அவருக்கு ஒரு வேலை நடப்பது தெரிய வேண்டும், பக்கத்தில் எழுத்து வைக்க இடமும் வேண்டும். காய்கறி வண்டியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும் என் மனைவியின் கையை எடுத்து அனுப்பினேன், ஸ்டிக்கரில் பேமெண்ட் கம்பெனி லோகோ இருந்ததால் நிராகரித்தார்கள். லோகோ இல்லாத வெள்ளைத் தாளில், எதற்கும் இணைக்காத கியூஆர் கோடு ஒன்றை ஒட்டி, காலை வெளிச்சத்தில் இடது பக்கம் காலியாக விட்டு மறுபடி எடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். முகம் தெரிந்திருந்தால் விளம்பரத்துக்கு விற்க அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் தேவைப்பட்டிருக்கும், கே.ஆர். மார்க்கெட்டில் யார் என்றே தெரியாதவர்களை எடுத்த படங்கள் அதனால்தான் விளம்பரத்துக்குப் போகாது. இரவில் எடுத்ததை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி புள்ளியாக இருந்தால் அனுப்ப வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in-லும் புகார் கொடுக்கலாம். அந்த லிங்க், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அவைதான் ஆதாரம்.