ஒரே ஆர்டர், எதிரெதிர் விதிகள்: ஆன்லைன் கடையின் விதிமுறைப் பக்கத்தை எப்படி எழுதுவது?

சிறிய ஆன்லைன் கடைகளின் விதிமுறைப் பக்கம் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய கடையிலிருந்து எடுத்து ஒட்டியதாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒட்டிய பக்கத்தில் எங்களிடம் இல்லாத கிடங்கைப் பற்றியும் இல்லாத அழைப்பு மையத்தைப் பற்றியும் வாக்குறுதி இருந்ததை, ஒரு வாடிக்கையாளர் எடுத்துக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். அதற்குப் பின் ஒரு பழக்கம் வந்தது. ஒரு விதியை எழுதினால், அதற்குப் போட்டியான இன்னொரு வாசகத்தையும் எழுதி, ஒரே ஆர்டரை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பேன்.

அந்த ஆர்டர் இதுதான். மேஜை விளக்கு 600, போர்வை 300, திரைச்சீலை 300, மொத்தம் 1200. கூப்பனில் 10 சதவீதம் தள்ளுபடி, எனவே கட்டியது 1080. ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம், இல்லையென்றால் 80. கூப்பனும் ஆயிரத்துக்கு மேல்தான் செல்லும். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி ஆர்டர், 3ஆம் தேதி கூரியரிடம் கொடுத்தோம், 9ஆம் தேதி கையில் கிடைத்தது.

டெலிவரி: எந்த நாளைச் சொல்வது?

முதல் வாசகம்: "3 முதல் 5 நாட்களில் டெலிவரி." படிக்க அழகாக இருக்கிறது. எதிலிருந்து எண்ணுவது, வேலை நாளா, விடுமுறையும் சேர்த்தா, தாமதமானால் என்ன என்று எதுவும் இல்லை. நம் ஆர்டர் 9ஆம் தேதி வந்ததால் இந்த விதி ஏற்கெனவே உடைந்துவிட்டது.

இரண்டாவது வாசகம்: "ஆர்டர் செய்த 2 வேலை நாட்களுக்குள் கூரியரிடம் ஒப்படைப்போம். அதன்பின் வழக்கமாக 3 முதல் 6 வேலை நாட்கள் ஆகும். ஆர்டர் செய்து 15 நாட்களுக்குள் வராவிட்டால் ரத்து செய்து முழுத் தொகையையும் பெறலாம்." நம் கையில் இருப்பதற்கு உறுதி, கூரியர் கையில் இருப்பதற்கு மதிப்பீடு, இரண்டும் தவறினால் வாடிக்கையாளருக்கு ஒரு வழி. எனக்கு இதில் பிடித்தது அந்த 15ஆம் நாள்தான். "எப்போ வரும்?" என்று கேட்டு வரும் பத்துச் செய்திகளுக்கு அந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும். நாளே குறிப்பிடாமல் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் கடை எதுவும் சொல்லாவிட்டால் சட்டமே 30 நாள் என்று வைத்துக்கொள்கிறது. முன்னதில் அது பொருள் கையில் சேர வேண்டிய கெடு, பின்னதில் கடை அனுப்ப வேண்டிய கெடு.

இதோடு ஒட்டி வரும் பிரபலமான வரி ஒன்று உண்டு: "கூரியரிடம் ஒப்படைத்ததோடு எங்கள் பொறுப்பு முடிகிறது." இதை நான் எழுதவே மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், கூரியரைக் கடை ஏற்பாடு செய்திருந்தால், பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை பொறுப்பு கடையுடையது. சட்டத்தை விடுங்கள். கூரியரோடு ஒப்பந்தம் போட்டது நாம். தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு கேட்பதும் நாம்தான். வாடிக்கையாளரைப் போய்க் கேட்கச் சொன்னால் கூரியர் அலுவலகம் அவரைத் திரும்ப நம்மிடமே அனுப்பும்.

ரிட்டர்ன்: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

"7 நாட்களுக்குள் ரிட்டர்ன்" என்பது பாதி விதி. ஆர்டர் தேதியிலிருந்து எண்ணினால் நம் வாடிக்கையாளரின் கெடு 8ஆம் தேதி முடிகிறது. பார்சல் வந்ததோ 9ஆம் தேதி! அனுப்பிய தேதியிலிருந்து எண்ணினால் 10, அதாவது யோசிக்க ஒரு நாள். கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் 16. மூன்றிலும் எழுதியிருப்பது அதே ஏழு நாள்தான். எனவே "கடைசிப் பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து" என்று எழுதுங்கள். விளக்கும் போர்வையும் தனித்தனிப் பார்சலில் போனாலும் குழப்பம் வராது. எத்தனை நாள் என்பது நீங்கள் எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாகக் காரணமே சொல்லாமல் திருப்பித் தர 14 நாள் உண்டு. அந்த உரிமையைக் கடை முறையாகத் தெரிவிக்காவிட்டால் கெடு இன்னும் 12 மாதம் வரை நீளும். விதிமுறைப் பக்கத்தில் அந்த ஒரு பத்தி விடுபட்டால் வரும் தண்டனை அது.

அடுத்த சண்டை சேதம் பற்றியது. "பார்சலைத் திறக்கும் வீடியோ இல்லையென்றால் ரீஃபண்ட் இல்லை" என்று ஒரு வாசகம். "சேதம் இருந்தால் பெட்டியோடு சேர்த்து ஒரு படம் எடுத்து 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள், கூரியரிடம் இழப்பீடு கேட்க எங்களுக்கு அது உதவும்" என்று இன்னொன்று. முதலாவது ஏமாற்றுக்காரரைத் தடுக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் போனுமாகப் பார்சலைத் திறப்பவர் எத்தனை பேர்? விளக்கின் கண்ணாடி உடைந்து வந்திருக்கும் ஒரு நேர்மையான ஆளிடம் வீடியோ எங்கே என்று கேட்டால், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு அவர் அடுத்து போவது தன் வங்கிக்கு. அங்கே உங்கள் வீடியோ விதி அவ்வளவாக எடுபடாது. படமும் 48 மணி நேரமும் கேட்கலாம், ஆனால் வேண்டுகோளாகக் கேளுங்கள். 49ஆம் மணி நேரத்தில் வந்த புகாரைத் தள்ளிவிடும் நிபந்தனையாக்க வேண்டாம்.

ரீஃபண்ட்: எவ்வளவு திருப்புவது?

அநேக விதிமுறைப் பக்கங்கள் மௌனமாகிவிடும் இடம் இது. நம் வாடிக்கையாளர் திரைச்சீலையை மட்டும் திருப்பித் தருகிறார், நிறம் பிடிக்கவில்லை. அவருக்கு எவ்வளவு? மூன்று வாசகங்கள் போட்டிக்கு நிற்கின்றன.

| வாசகம் | திருப்பும் தொகை |
|---|---|
| "பொருளின் விலை திருப்பித் தரப்படும்" | 300 |
| "தள்ளுபடி போக அந்தப் பொருளுக்கு நீங்கள் கட்டிய பங்கு திருப்பித் தரப்படும்" | 270 |
| "மீதமுள்ள பொருட்களுக்கு மறுபடி கணக்கிட்டு வித்தியாசம் திருப்பித் தரப்படும்" | 100 |

மூன்றாவது எப்படி 100 ஆனது? விளக்கும் போர்வையும் மட்டும் வாங்கியிருந்தால் 900. ஆயிரத்தைத் தொடாததால் கூப்பன் இல்லை, டெலிவரி 80 உண்டு, ஆக 980. கட்டியது 1080. மிச்சம் 100. கடைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தர்க்கம் சரி. 300க்கு வாங்கியதைக் கொடுத்துவிட்டு 100 பெறுபவரிடம் அந்தத் தர்க்கத்தை விளக்கிப் பாருங்கள்.

இப்போது அதே ஆள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்புகிறார் என்று வையுங்கள். இந்தச் சோதனையை நான் எல்லா ரீஃபண்ட் வாசகத்துக்கும் செய்வேன். முதல் வாசகத்தில் 300, 300, 600 என்று மொத்தம் 1200 வெளியே போகிறது. கட்டியதோ 1080! கூப்பன் கொடுத்த கடை, கைக்காசு 120ஐயும் சேர்த்துக் கொடுக்கிறது. மூன்றாவதில் திரைச்சீலைக்கு 100. அடுத்து போர்வையைத் திருப்பினால், விளக்கு மட்டும் 600, டெலிவரி 80, ஆக 680 என்று கணக்கு மாறி, அவருக்கு 300 கிடைக்கிறது. ஒரே விலையுள்ள இரண்டு பொருளில் முதலில் வந்ததற்கு 100, பிறகு வந்ததற்கு 300. இரண்டாவது வாசகத்தில் 270, 270, 540. கூட்டினால் சரியாக 1080. எந்த வரிசையில் திருப்பினாலும் மாறாது.

அதனால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. ஆயிரத்தைத் தொடுவதற்காகவே திரைச்சீலையைச் சேர்த்துவிட்டுத் திருப்புபவர், 900க்கான பொருளை 810க்கு இலவச டெலிவரியோடு வைத்துக்கொள்கிறார். கடைக்கு 90 தள்ளுபடியும் 80 டெலிவரியும், ஆக 170 போகிறது. இதற்கு நான் வைக்கும் வேலி, மனம் மாறித் திருப்பினால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு வாடிக்கையாளருடையது என்ற வரி. அதை வாங்கும் முன்பே அவர் பார்க்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். பழுதான பொருள், தவறான பொருள் என்றால் இந்த வேலி கிடையாது, போக வரச் செலவு இரண்டும் கடைக்கு. இந்த இரண்டு நிலைகளையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாமல் தனித்தனியாக எழுதுங்கள்.

கூப்பன் சதவீதமாக இல்லாமல் மொத்தமாக 200 என்று இருந்தால் விலை விகிதத்தில் பிரித்துவிடலாம். திரைச்சீலையின் பங்கு 50, திருப்புவது 250.

"பணம் கட்டிய வழியிலேயே திருப்பித் தரப்படும்" என்பதும் கவனிக்க வேண்டிய வரிதான். கார்டுக்குச் சரி. டெலிவரியின்போது ரொக்கம் கொடுத்தவருக்கு? கூரியர்க்காரர் நோட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார். வங்கிக் கணக்குக்கு மாற்றுவோம், கணக்கு விவரம் கிடைத்த நாளிலிருந்து கடிகாரம் ஓடும் என்று தனியாக எழுத வேண்டும். ஸ்டோர் கிரெடிட்டை வாடிக்கையாளர் விரும்பினால் கொடுக்கலாம். அதை மட்டுமே கொடுப்போம் என்பது பழுதான பொருளுக்குச் செல்லாத வாதம். அப்புறம், "7 நாட்களில் பணம் வரும்" என்பதைவிட "பொருள் எங்களிடம் வந்த 5 வேலை நாட்களுக்குள் ரீஃபண்டைத் தொடங்குவோம், கணக்கில் ஏற உங்கள் வங்கி மேலும் சில நாள் எடுக்கலாம்" என்பது உண்மைக்கு நெருக்கம்.

புகார்

"24 மணி நேரத்தில் தீர்வு" என்று எழுதும் ஒற்றை ஆள் கடை, ஞாயிற்றுக்கிழமையே தன் விதியை மீறிவிடும். பதிலுக்கு ஒரு கெடு, முடிவுக்கு ஒரு கெடு என்று பிரித்து எழுதினால் தாக்குப்பிடிக்கும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் இப்படித்தான் பிரிக்கின்றன: புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதையே வாசகமாக்கி, எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும், ஆர்டர் எண் வேண்டும், முதல் பதிலில் திருப்தியில்லை என்றால் அடுத்து யார் பார்ப்பார் என்று சேர்த்தால் போதும். அடுத்து பார்க்க ஆளே இல்லை என்றால் அதையும் ஒளிக்காமல், "உரிமையாளர் நேரில் பார்ப்பார்" என்று எழுதலாம்.

பக்கத்தின் அடியில் தேதி போடுங்கள். "ஆர்டர் செய்த நாளில் இருந்த விதிகளே அந்த ஆர்டருக்குப் பொருந்தும்" என்ற வரியும், பழைய பதிப்பின் ஒரு பிரதியும் வேண்டும். இல்லாவிட்டால் 12ஆம் தேதி விதியை மாற்றிவிட்டு, 1ஆம் தேதி ஆர்டர் செய்தவரிடம் எந்தப் பக்கத்தைக் காட்டுவீர்கள்?