முதல் ஹலோ: மெசேஜா, போனா?

சண்டையில் பேச்சு நின்றுபோனால், யாராவது ஒருவர் முதலில் ஆரம்பிக்க வேண்டும். அதை மெசேஜில் செய்வதா, போனிலா?

போனில் குரல் இருக்கிறது. நம் தயக்கமும் வருத்தமும் தானாகவே கேட்டுவிடும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. கோபம் ஆறாதவர் எடுக்கவே மாட்டார். எடுத்தாலும் பழைய வாக்குவாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும்.

மெசேஜ் அவருக்கு அவகாசம் தருகிறது. அதில் தொனி இல்லாததுதான் சிக்கல், அதனால் ஒவ்வொரு சொல்லும் கனக்கும். ஒருமுறை என் சித்தி மகளுக்கு, "நான் பேசினது தப்புன்னா மன்னிச்சிடு" என்று அனுப்பினேன். அந்த 'தப்புன்னா' எல்லாவற்றையும் கெடுத்தது. படித்துவிட்டாள், பதில் இல்லை. நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினேன்: "எல்லார் முன்னாடியும் உன் வேலையைக் கிண்டல் பண்ணினது என் தப்பு. உனக்குத் தோணும்போது பேசலாம்." அவ்வளவுதான், என் பக்க நியாயம் ஒரு வரிகூட இல்லை. மறுநாள் மாலை அவளே கூப்பிட்டாள்.

அதனால் காயம் புதிதாக இருந்தால் நான் மெசேஜ் பக்கம்தான். மாதக்கணக்காகி, சண்டைக்கான காரணமே மங்கிவிட்டதென்றால் போன் நல்லது. வயதில் பெரியவர்களுக்கும் அதுதான் சரி, மெசேஜ் அவர்களுக்கு ஒப்புக்குச் சொன்னதுபோல் படலாம். எடுக்கவில்லையா? திரும்பத் திரும்ப அடிக்காமல், "உங்க குரல் கேட்கணும்னு கூப்பிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம்.