ஊட்டியில் திறந்தவெளி நிகழ்ச்சி வைக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்குமுன் ரன் ஷீட்டைக் கீழிருந்து மேலே படியுங்கள்

ஊட்டியில் ஒரு விடுதிப் புல்வெளியில் மாலை 6.30 மணிக்கு மெல்லிசை நிகழ்ச்சி. மேடை, லைட், சவுண்ட், ஜெனரேட்டர் எல்லாம் கோவை காண்ட்ராக்டர் ஒருவர் பொறுப்பு. பெயர் வேண்டாம். அவர் கொடுத்த ரன் ஷீட் இவ்வளவுதான்: காலை 7 கோவையில் புறப்பாடு, 11 வருகை, 11 முதல் 3 செட்டப், 3 முதல் 5 சவுண்ட் செக், 6.30 நிகழ்ச்சி, இரவு 10 பேக்கப். பார்த்தால் தாராளமாக நேரம் இருப்பது போலத்தான் தெரியும்.

நடந்தது வேறு. குன்னூர் நெரிசலில் சிக்கிய லாரி வந்து சேரவே 12.30 ஆகிவிட்டது. சனங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் முன்னாலேயே சவுண்ட் செக் நடந்தது. நிகழ்ச்சி தொடங்கியபோது மணி 7.40. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கடைசிப் பாடல்களை வெட்ட வேண்டியதாயிற்று. தாமதத்துக்கு மலைப்பாதை மேல் பழி போட்டார்கள். மலைப்பாதையில் நெரிசல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்கு நேரம் ஒதுக்காத ஷீட்தான் குற்றவாளி.

புறப்படும் நேரத்தில் தொடங்கி எழுதிய ஷீட்டில் எல்லா வேலையும் எப்படியாவது 6.30-க்குள் அடங்கிவிடும். அடக்குவதற்காகச் சவுண்ட் செக்கைத்தான் சுருக்குவார்கள். நிகழ்ச்சி நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கி எழுதினால் ஏமாற்ற முடியாது. இதே நிகழ்ச்சியை எழுதிப் பாருங்கள்.

6.30 நிகழ்ச்சி என்றால் 6 மணிக்கு கேட் திறக்க வேண்டும். அதற்குமுன் தரையில் ஓடும் கேபிள்களை மூடி ஒட்ட கால் மணி நேரம். ஆக 5.45-க்கு சவுண்ட் செக் முடிந்திருக்க வேண்டும். பத்து பேர் குழுவுக்கு ஒன்றேகால் மணி நேரம், அப்படியானால் 4.30-க்குத் தொடக்கம். ஒவ்வொரு மைக்கும் சத்தம் வருகிறதா என்று பார்க்க அரை மணி, 4.00. ஸ்பீக்கர் ஏற்றி வயர் இணைக்க ஒன்றரை மணி, 2.30. ஜெனரேட்டரை ஓட்டி எர்த், வோல்டேஜ் பார்க்க அரை மணி, 2.00. மேடையும், லைட் மாட்டும் உலோகச் சட்டமான ட்ரஸ்ஸும் மூன்றரை மணி, 10.30. சாப்பாட்டுக்கு முக்கால் மணி (பல ஷீட்டில் இந்த வரியே இருக்காது), 9.45. லாரி இறக்க ஒரு மணி, 8.45. மலைப்பாதைத் தாமதத்துக்கு ஒரு மணி, 7.45. மேட்டுப்பாளையத்திலிருந்து சுமை லாரி ஏற மூன்று மணி, 4.45. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ஒன்றேகால் மணி. ஆக, லாரி கோவையை விட்டுக் கிளம்ப வேண்டியது விடியற்காலை 3.30-க்கு. சாமான் முந்தின நாள் மாலையே ஏறியிருக்க வேண்டும். ஷீட்டில் போட்டிருந்த 7 மணிக்கும் இதற்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்.

ஆட்களை வரச்சொல்லும் நேரமும் இதிலிருந்துதான் வர வேண்டும். சாமான் இறக்குபவர்களும் மேடை ஆட்களும் 8.30, லைட் ஆட்கள் 10.30, சவுண்ட் ஆட்கள் 2.00. எல்லோருக்கும் ஒரே நேரம் போட்டிருந்தால் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை என்று அர்த்தம். பாதிப் பேர் காலையில் சும்மா நின்றுவிட்டு இரவு பிரிக்கும்போது சோர்ந்துபோவார்கள்.

பெரிய ஏமாற்று பிரிக்கும் வேலையில்தான். பில்லில் செட்டப்புக்கு ஒரு கேங், பிரிக்க வேறொரு கேங் என்று இரண்டு கூலி. வந்தது ஒரே கேங். ஜெனரேட்டர்காரர் தன் வாடகை நேரம் முடிந்ததென்று 10.20-க்கு நிறுத்திவிட்டார். பனியில் நனைந்த புல்லின் மேல், செல்போன் வெளிச்சத்தில் தலைக்கு மேலிருந்த ட்ரஸ் போல்ட்டைக் கழற்றினார்கள். யாருக்கும் அடிபடாதது அதிர்ஷ்டம். இருட்டில் லாரியைப் புல்வெளியில் ஏற்றியதற்கு விடுதி டெபாசிட்டில் பிடித்துக்கொண்டது.

இதையும் பின்னோக்கிப் போடுங்கள். விடுதி இடத்தைக் காலி செய்யச் சொன்னது நள்ளிரவு 12 மணிக்கு. லாரி ஏற்ற ஒரு மணி, 11.00. மேடையும் ட்ரஸ்ஸும் பிரிக்க ஒன்றேகால் மணி, 9.45. சவுண்ட் இறக்க அரை மணி, 9.15. கூட்டம் கலைய அரை மணி, 8.45. அதாவது நிகழ்ச்சி 8.45-க்கே முடிய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது மூன்று மணி நேர நிகழ்ச்சி, 9.30 வரை. 6.30-க்குச் சரியாகத் தொடங்கியிருந்தாலும் காலி செய்ய 12.45 ஆகியிருக்கும். நிகழ்ச்சியை முன்னால் தள்ள வேண்டும், அல்லது பிரிக்க ஆட்களைக் கூட்ட வேண்டும், அல்லது விடுதியிடம் ஒரு மணி நேரம் கூடக் கேட்க வேண்டும். 'இரவு 10 பேக்கப்' என்ற ஒற்றை வரி இதையெல்லாம் மறைத்துவிட்டது.

ஷீட் கையில் வந்ததும் இவற்றைப் பாருங்கள். பிரிப்பதற்குத் தனி வரிகள் இருக்கிறதா? இரண்டாம் கேங்கின் பெயர்களும் வரும் நேரமும் எழுதியிருக்கிறதா? லாரிக் கதவு மூடும்வரை ஜெனரேட்டர் ஓடும் என்று இருக்கிறதா? விடியற்காலை 3.30-க்கு வண்டி எடுத்த டிரைவரையே நள்ளிரவில் இறங்கச் சொல்கிறார்களா? சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது டிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் தங்கிவிட்டுக் காலையில் இறங்கட்டும். சீசனில் ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள், அதையும் கேட்டு வையுங்கள். பாக்கிப் பணத்தை நிகழ்ச்சி முடிந்ததும் கொடுக்காமல், புல்வெளி காலியான பிறகு இரண்டாம் கேங்கைத் தலையெண்ணிக் கொடுங்கள்.