ஆறு வருடமாக ஒரே கத்தரிக்கோல்: மொண்ணை என்று நினைத்தது பெரும்பாலும் தளர்ச்சிதான்

வீட்டில் துணி வெட்ட நான் வைத்திருப்பது 9 அங்குல தையல் கத்தரிக்கோல். நடுவில் ரிவெட் இல்லை, கீறல் போட்ட தலையுள்ள திருகுதான். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் மெல்லிய பருத்தித் துணியை நுனிவரை வெட்டுகிறது. ஆனால் இடையில் இரண்டு முறை இதைத் தூக்கிப் போடும் நிலைக்கு வந்தேன். இரண்டு முறையும் கோளாறு வேறு வேறு.

முதல் கோளாறு இரண்டாவது வருடத்தில் வந்தது. தடித்த துணி நன்றாக வெட்டுப்பட்டது. மெல்லிய துணியை வைத்தால் மட்டும், நுனிக்கு வரும்போது துணி வெட்டுப்படாமல் மடங்கி இரண்டு அலகுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மழுங்கிவிட்டது என்று முடிவு செய்து, பலரும் சொல்கிற மாதிரி அலுமினியத் தாளை நாலைந்தாக மடித்துப் பத்து முறை வெட்டிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

காரணம் கூர்மையில் இல்லை. கத்தரிக்கோலின் அலகுகள் நேராக இருப்பது போலத் தெரிந்தாலும் ஒன்றை நோக்கி ஒன்று மிக லேசாக வளைந்திருக்கும். மூடிய கத்தரிக்கோலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அதனால் வெட்டும்போது இரண்டு விளிம்பும் எப்போதும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளி திருகுப் பக்கமிருந்து நுனிவரை நகர்ந்து போகிறது. திருகு தளர்ந்தால் அந்த அழுத்தம் குறைகிறது, விளிம்புகள் விலகுகின்றன, துணி அந்தச் சந்தில் படுத்துக்கொள்கிறது. அப்போது எவ்வளவு சாணை பிடித்தாலும் வெட்டாது.

தளர்ச்சியைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். ஒரு கைப்பிடியைப் பிடித்துக் கத்தரிக்கோலைப் படுக்கை வாட்டில் நிறுத்துவேன். மறு கைப்பிடியைச் செங்கோணமாகத் தூக்கி விட்டுவிடுவேன். நல்ல நிலையில் இருந்தால் அது மெதுவாக இறங்கி, முழுக்க மூடாமல் கொஞ்சம் வாய் திறந்தபடி நின்றுவிடும். டப்பென்று விழுந்து மூடினால் தளர்ச்சி. அசையாமல் அப்படியே நின்றால் அதிக இறுக்கம். என்னுடையது அன்று டப்பென்று மூடிக்கொண்டது.

இறுக்குவதற்குத் திருகுத் தலையின் கீறலை முழுதாக நிரப்புகிற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதாக இருந்தால் நழுவிக் கீறலின் ஓரம் சிதைந்துவிடும், பிறகு பிடிப்பே கிடைக்காது. மேசைமேல் ஒரு பழைய துணியை விரித்து, கத்தரிக்கோலைப் பாதி திறந்து வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் மிகக் கொஞ்சமாகத் திருப்புவேன். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு போதும். உடனே கைப்பிடியை விட்டுப் பார்ப்பேன், பிறகு நுனியால் ஒரே மடிப்புத் துணியை வெட்டிப் பார்ப்பேன். எனக்கு இப்படி இரண்டு முறை திருப்பியதிலேயே சரியாகிவிட்டது. அதிகமாக இறுக்கினால் கட்டைவிரல் வலிக்கும், விளிம்புகள் ஒன்றையொன்று அரைத்து வேகமாக மழுங்கும்.

சரி, பிரச்சினை அத்தோடு முடியவில்லை. ஒரு மாதத்தில் மறுபடி தளர்ந்துவிட்டது. திறந்து மூடும் அசைவே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்த முறை திருகை முழுதாகக் கழற்றினேன். மரையில் இருந்த எண்ணெயையும் நூல் தூசியையும் துடைத்தேன். மரையில் மட்டும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து, பழையபடி மாட்டிச் சோதித்து இறுக்கி, இரவு முழுக்கத் தொடாமல் விட்டேன். அலகுகள் உரசும் இடத்தில் நெயில் பாலிஷ் படக்கூடாது. மறுநாள் அங்கே ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டு, திறந்து மூடி, மிச்சத்தை நன்றாகத் துடைத்தேன். துடைக்காவிட்டால் அடுத்த துணியில் கறை விழும். அதற்கப்புறம் நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மறுபடி இறுக்க வேண்டி வந்தது.

ரிவெட் ஆணி வைத்த சின்னக் கத்தரிக்கோல் என்றால் திருகு கிடையாது. இரும்புத் துண்டின்மேல் ஆணியின் ஒரு தலையை வைத்து, மறு தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, ஒரு சோதனை. காகிதம் வெட்டும் கத்தரிக்கோல் ஒன்றில் நான் நாலைந்து தட்டுச் சேர்த்துத் தட்டி, அது திறக்கவே மறுத்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் திறந்து மூடிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கை இடது கைப் பழக்கம் உள்ளவள். அவள் எடுத்தால் மட்டும் இதே கத்தரிக்கோலில் துணி மடங்கும். வலது கைக்குச் செய்ததை இடது கையில் பிடிக்கும்போது, விரல்களின் அழுத்தம் அலகுகளைச் சேர்ப்பதற்குப் பதில் பிரித்துவிடுகிறது. அதற்குத் திருகை இறுக்கிப் பயனில்லை. இடது கைக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

நாலாவது வருடத்தில் வந்தது நிஜமான மழுங்கல். கைப்பிடியை விட்டுப் பார்த்தால் இறுக்கம் சரியாக இருந்தது, ஆனால் தடித்த துணியும் நசுங்கி நசுங்கி வெட்டுப்பட்டது. விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. என்னுடையதில் நடுப்பகுதி நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு மின்னியது.

இதற்கு நான் பயன்படுத்தியது பீங்கான் கோப்பை. அதன் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும், அதுதான் சாணைக்கல். கோப்பையை ஈரத் துணிமேல் கவிழ்த்து வைத்தேன். அலகின் வெளிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டிச் சாய்வாகச் சீவிய குறுகிய பட்டை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் மார்க்கர் பேனாவால் மை பூசினேன். அந்தச் சாய்வு வளையத்தில் முழுதாகப் படியும்படி வைத்து, திருகுப் பக்கமிருந்து நுனிவரை ஒரே திசையில் இழுத்தேன். இரண்டு இழுப்புக்குப் பிறகு மையைப் பார்க்க வேண்டும். மேல் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தால் அலகை அதிகம் படுக்க வைத்திருக்கிறோம், விளிம்பில் மட்டும் போயிருந்தால் அதிகம் நிமிர்த்திவிட்டோம். சரியான சாய்வு பிடிபட்ட பிறகு ஒவ்வொரு அலகுக்கும் பதினைந்து இழுப்பு ஆனது.

உள்பக்கத்தைத் தேய்த்துக் கூராக்க ஒருபோதும் பார்க்காதீர்கள். அங்கே சாய்வு உண்டாகிவிட்டால் விளிம்புகள் தொட்டுக்கொள்ளாது, கத்தரிக்கோல் அத்தோடு முடிந்தது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். தீட்டிய பிறகு விரலை உள்பக்கமிருந்து விளிம்பை நோக்கி வெளியே நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். கண்ணாடிமேல் விரித்த 1000 எண் உப்புத்தாளில் உள்பக்கத்தைத் தட்டையாகப் படுக்க வைத்து, அழுத்தாமல் ஒரே ஒரு முறை இழுத்தால் அது போய்விடும். அதற்கு முன் கத்தரிக்கோலை மூடினால், ஒரு அலகின் பிசிறு மறு அலகின் விளிம்பைக் கெடுத்துவிடும்.

உப்புத்தாளை வெட்டிக் கூராக்கும் முறையைக் காகிதக் கத்தரிக்கோலில் செய்திருக்கிறேன். ஏழெட்டு வெட்டில் விளிம்பு சொரசொரப்பாகிக் கொஞ்ச நாள் பிடித்து வெட்டும், அவ்வளவுதான். துணிக் கத்தரிக்கோலில் அந்தச் சொரசொரப்பு மெல்லிய துணியின் நூலை இழுக்கும். விளிம்பில் நுண்ணிய பல் வைத்த அலகைத் தீட்டவே கூடாது, பல் போய்விடும்.

போன வருடம் துணியில் மறைந்திருந்த குண்டூசியை வெட்டியதில் நுனியிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் விளிம்பில் பள்ளம் விழுந்தது. எல்லாத் துணியும் அதே இடத்தில் மாட்டியது. அந்தப் பள்ளம் கோப்பைக்கு அடங்கவில்லை. சாணை பிடிப்பவரிடம்தான் கொடுத்தேன், உள்பக்கத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லி. திரும்பி வந்ததும் முதலில் கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். மெதுவாக இறங்கி, வாய் திறந்தபடி நின்றது.