ஸ்லைடுல தமிழ் உடையுதா? பாமினியை விட்டு யூனிகோடுக்கு மாறின அனுபவம்

ஸ்கூல் வேலைக்காக பல வருஷமா தமிழ்ல பவர்பாயின்ட் பண்றேன், மத்த டீச்சருங்க பென்டிரைவ்ல கொண்டு வர்றதையும் சரி பண்ணிக் கொடுப்பேன். வேற கம்ப்யூட்டர்ல தமிழ் உடைஞ்சா முதல்ல எப்படி உடைஞ்சிருக்குன்னு பாருங்க. கட்டம் கட்டமா வந்தா எழுத்து யூனிகோடுதான், அந்த மெஷின்ல தமிழ் ஃபான்ட் இல்ல அவ்ளோதான். "தமிழ்"னு இருந்த இடத்துல `jkpo;`ன்னு வந்தா அது பாமினி. ஃபைல்ல உண்மையிலேயே இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கு, பாமினி ஃபான்ட் அதுக்கு மேல தமிழ் உருவத்தை வரையுது, ஃபான்ட் இல்லன்னா போச்சு.

இங்கதான் நிறைய பேர் Replace Fonts போய் பாமினிய எடுத்துட்டு லதா போடுறாங்க. அது வேலைக்கு ஆகாது, உள்ள இருக்குற எழுத்து மாறலையே, அதே `jkpo;` தான் நிக்கும். பாமினி ஃபைல்ல ஆட்டோகரெக்ட் வேற முதல் எழுத்தை கேபிடல் ஆக்கிடும், `j` த, `J` து, அதனால பாமினி இருக்குற மெஷின்லயே தலைப்பு "துமிழ்"னு நிக்கும்.

போன தடவை ஒரு வரலாறு பாடம் வந்துச்சு, பாதி பாமினி, பாதி இங்கிலீஷ் பேரு. மொத்தத்தையும் கன்வெர்ட்டர்ல போட்டா அந்த இங்கிலீஷ் பேரும் தமிழ்க் குப்பையா மாறிடும். அதனால ஒவ்வொரு பெட்டியா கிளிக் பண்ணி, Home-ல ஃபான்ட் பேரு Bamini-ன்னு காட்டுற பகுதியை மட்டும் காப்பி பண்ணி என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ல யூனிகோடாக்கி திருப்பி ஒட்டினேன். ஒட்டின கையோட ஃபான்டையும் Nirmala UI-ன்னு மாத்திடணும், இல்லன்னா பாமினி இருக்குற மெஷின்ல அதே பெட்டியில இங்கிலீஷ் அடிச்சா மறுபடி தமிழ் உருவமா வரும். ஸ்லைட் மாஸ்டர்லயும் பாமினி இருக்கான்னு பாத்துடுங்க, விட்டா புதுசா போடுற தலைப்பு எல்லாம் அதுலயே வரும். வேலை மெதுவாதான் போகும், ஆனா ஒருதடவை பண்ணா அந்த ஃபைலுக்கு திரும்ப தேவைப்படல.

நிர்மலா விண்டோஸ் 8-ல இருந்து கூடவே வருது, அதனால ஸ்கூல் மெஷின்கள்ல எனக்கு பிரச்சினை இல்ல. அழகான வேற ஃபான்ட் வேணும்னா File, Options, Save போய் Embed fonts in the file டிக் பண்ணி, அதுக்குக் கீழ Embed all characters தேர்ந்தெடுங்க. இன்னொன்னு, பயன்படுத்தின எழுத்தை மட்டும் சேக்குறது, அதுல ஃபைல் சின்னதா இருக்கும், ஆனா அந்தப் பக்கம் யாராச்சும் புது வார்த்தை சேத்தா அதுல இல்லாத எழுத்து வேற ஃபான்ட்ல தனியாத் தெரியும். சில ஃபான்டோட லைசென்ஸ் எம்பெட் பண்ணவே விடாது, அதுக்கு நான் பிடிஎஃப் ஒண்ணும் சேத்துக் கொடுத்துடுறேன், அனிமேஷன் மட்டும் போயிடும்.

ஃபான்ட் மாறினா வரி அகலமும் மாறும், நீளமான தமிழ்த் தலைப்பு ரெண்டு வரியா மடங்கி கீழ இருக்குற படத்து மேல ஏறும். பெட்டியில கொஞ்சம் இடம் விட்டே வைங்க.